ஒரு கிழமை அவகாசம்

முதல் கொப்பளத்தை ஒரு திங்கட்கிழமை காலை, தென் லண்டன் நோர்பரியில் நாங்கள் இருந்த மேல்மாடி வீட்டின் குளியலறைக் கண்ணாடியில் கண்டேன். இடது காதுக்குக் கீழே இருந்தது. மத்தியானத்துக்குள் கழுத்திலும் முதுகிலும் பரவிவிட்டது. அந்தக் கிழமையே, நாலு நாளில் வரும் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு முன் ஊடகச் சட்டக் கட்டுரையை நான் கையளிக்க வேண்டும். கட்டுரை பாதியில் நின்றது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் செய்திகளைத் திருத்தித் தலைப்பிடும் வேலை பார்த்தவள் நான். லண்டனில் அந்த அனுபவத்துக்கு மதிப்பு இருக்கவில்லை. பகலில் ஒரு சூப்பர்மார்க்கட்டில் அலுமாரித் தட்டுகளை நிரப்பினேன். மாலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை டிப்ளோமா படித்தேன். அது கடைசி வருடம், இது கடைசிக் கட்டுரை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. கோடைக்குள் டிப்ளோமா முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை.

அந்த மத்தியானமே மாமி, என் கணவரின் தாய், வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கறிவேப்பிலையோடு வேப்பிலையும் விமானத்தில் வரவழைக்கும் கடை ஒன்று பக்கத்தில் இருந்தது. வாசற்கதவில் ஒரு கொத்து ஏறியது. தாளிப்பு நின்றது. இறைச்சி, மீன் நின்றன. யாரும் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. கொப்பளிப்பான், சின்னம்மை என்று நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. "அம்மாள் வந்திருக்கிறா" என்று மட்டும் சொல்லலாம். டொக்டரிடம் போவது என்ற பேச்சே இல்லை. அம்மாள் வந்த வீட்டில் மருந்து கொடுத்தால் அவவுக்குக் கோபம் வரும் என்றார் மாமி. எனக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. வாதாடவில்லை.

அடுத்த நாள் கட்டிலின் பக்கத்தில் என் கணவர் நின்று ஏதோ வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது. நான் தலையாட்டினேன். என்னத்துக்குத் தலையாட்டினேன் என்பது வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை பின்னேரம் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. வியாழக்கிழமை காலை எழுந்து உட்கார்ந்து பாடத்திட்டக் கையேட்டை எடுத்தேன். வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் தரும் மெல்லிய புத்தகம். எல்லோரும் வாசிப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். பிந்திய கையளிப்பு என்ற பகுதி கடைசிப் பக்கங்களில் இருந்தது. செய்தித்தாளில் திருத்தம் போடும் பகுதியைப் போல யாரும் பார்க்காத இடம்.

விதி ஐந்து விஷயங்களைச் சொன்னது. பிந்துகிற ஒவ்வொரு வேலை நாளுக்கும் புள்ளி குறையும். ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் கட்டுரை திருத்தப்படாது. அவகாசம் வேண்டுமானால் கெடு முடிவதற்கு முன் அந்தப் பாடத்தின் விரிவுரையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அவர் ஒரு கிழமை வரை தன் அதிகாரத்தில் தரலாம்; அதற்கு மேலே போனால் பரீட்சைச் சபையின் முடிவு. சுகவீனம் என்றால் முதலில் மாணவரின் சொந்த வாக்குமூலம் போதும், ஆனால் ஏழு நாளைத் தாண்டும் நோய்க்கு டொக்டரின் கடிதத்தைப் பின்னர் கொடுக்க வேண்டும்.

இப்படியான கோரிக்கைகளுக்குப் பரீட்சைச் சபை எப்போது கூடும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. இலையுதிர் காலத்தில். எனக்கு வேண்டிய வாசல் எது, வேண்டாத வாசல் எது என்று அதிலேயே தெரிந்தது.

விரிவுரையாளர் முன்பு வழக்கறிஞராக இருந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வகுப்பில் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை இடைமறித்து, உங்கள் கேள்வி என்ன என்று கேட்பார். துறையின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்த செயலாளர் பெண், அவர் அந்தக் கிழமை வேறு ஊரில் ஒரு மாநாட்டில் இருக்கிறார் என்றார். கடிதம் அனுப்பினால் அவருடைய தபால் பெட்டியில் கிடக்கும், திங்கட்கிழமைதான் பார்ப்பார். மின்னஞ்சலை மட்டும் எங்கிருந்தாலும் பார்ப்பார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனால் யாரும் அப்படி அவகாசம் கேட்டு நான் கண்டதில்லை என்றும் சேர்த்தார்.

அந்தக் காலத்தில் வீட்டில் மின்னஞ்சல் வைத்திருந்தவர்கள் குறைவு. எங்களிடம் இருந்ததற்குக் காரணம் என் கணவர். அவர் கம்பியூட்டர் படித்துவிட்டுப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தவர். பழைய கம்பியூட்டர் ஒன்றையும் மோடம் ஒன்றையும் வாங்கி முன்னறையில் பொருத்தியிருந்தார். தொலைபேசி வயரைக் கழற்றி அதில் செருகினால், கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் கம்பியூட்டரோடு இணையும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது.

அவர் திரையின் முன் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அடிக்கத் தயாரானார். அப்போதே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது.

"ஒரு மாசம் கேளும்," என்றார். "அவை வெட்டிக் கொத்தி ரெண்டு கிழமை தருவினம். ஒரு கிழமை கேட்டால் மூண்டு நாள்தான் கிடைக்கும்."

"இது சந்தை இல்லை. அவவுக்கு ஒரு கிழமைதான் தர ஏலும். அதைத்தான் கேக்கப்போறன்."

"பிறகு குறைச்சுக் கேட்டிட்டன் எண்டு நீர் என்னட்டை அழக்கூடாது."

"அழுதால் கொப்பளம் நோகும். அழமாட்டன். அடியுங்கோ."

கேட்கிற முறை பற்றியும் அவருக்கு வேறு எண்ணம் இருந்தது. மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு என்று தொடங்கி, போரையும் புலம்பெயர்வையும் குடும்பநிலையையும் விவரித்து, கடைசிப் பந்தியில் பணிவோடு வேண்டுகோளை வைக்க வேண்டும் என்பது அவர் வளர்ந்த வீட்டின் முறை. அவருடைய தகப்பனார் ஊரில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். என் பழக்கம் வேறு. செய்தி ஆசிரியர் மேசையில் ஒரு செய்தியை வெட்டும்போது கீழிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானது மேலே இல்லாவிட்டால் அது போய்விடும். அதனால் ஆங்கிலத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:

'நாளை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையளிக்க வேண்டிய ஊடகச் சட்டக் கட்டுரைக்கு ஒரு கிழமை அவகாசம் கேட்கிறேன். கையேட்டில் பிந்திய கையளிப்புப் பகுதியின்படி, கெடுவுக்கு முன் எழுத்தில் கேட்டால் இதைத் தரும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. திங்கட்கிழமை முதல் எனக்குக் கொப்பளிப்பான். இது என் வாக்குமூலம். ஏழு நாளைத் தாண்டும் என்பதால் டொக்டரின் கடிதம் பின்னர் தருவேன். கட்டுரையில் பாதி முடிந்திருக்கிறது. அவகாசம் கிடைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன் அலுவலகத்தில் ஒப்படைப்பேன்.'

கணவர் அதைத் திரும்ப வாசித்தார்.

"தந்தி மாதிரி இருக்கு. ஒரு 'ப்ளீஸ்' கூட இல்லை."

கடைசியில் ஒரு நன்றி சேர்த்தேன். அனுப்பினார்.

இனி டொக்டரின் கடிதம். அதைத் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். மாமியிடம் எப்படிச் சொல்வது என்று நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் அவர் சமையலறைக்குப் போகாமல், நேரே எங்கள் டொக்டரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். வரவேற்பில் இருந்த பெண், வளர்ந்தவர்களுக்குக் கொப்பளிப்பான் என்றால் கிளினிக்குக்கு வரவே கூடாது, டொக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார். மாமி இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சமையலறைக்குத் திரும்பினார். கரண்டியைச் சற்றுச் சத்தமாக வைத்தார்.

பின்னேரம் டொக்டர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். நடுத்தர வயது, தோளில் ஈரமான மழைக்கோட்டு. படியேறி வந்தவர் கதவில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாமியின் முகத்தில் முதல் மாற்றம் அப்போது தெரிந்தது.

என் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். மூச்சு முட்டுகிறதா, கர்ப்பமா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றேன். நம் பக்கத்துச் சனத்துக்குச் சின்ன வயதில் வராமல் இந்த நாட்டுக்கு வந்த பிறகு வருவது சகஜம் என்றும், வளர்ந்தவர்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், அரிப்புக் கடிக்குப் பூசக் கலமைன். பிறகு மாமியிடம் திரும்பினார்.

"கொப்பளம் எல்லாம் காயற வரைக்கும் இவங்க வெளிய போகக்கூடாதும்மா. யாரும் உள்ள வராம பாத்துக்கணும். முக்கியமா சின்னக் குழந்தைங்க, கர்ப்பமா இருக்கறவங்க."

"அதைத்தானே நான் திங்கட்கிழமையிலையிருந்து சொல்லுறன்," என்றார் மாமி.

"ஆமாம்மா. சரியாத்தான் பண்ணியிருக்கீங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியைப் பிடிக்க முடியவில்லை. டொக்டருக்குத் தேத்தண்ணி வந்தது. வேப்பிலைத் தண்ணியில் உடம்பு துடைக்கலாமா என்று ஒரு ஆலோசனைக் கூட்டம் நடந்தது. துடைக்கலாம், சொறியக்கூடாது என்று முடிவானது. டொக்டர் கடிதம் எழுதினார்: திங்கட்கிழமைத் திகதியிலிருந்து கொப்பளிப்பான், குறைந்தது பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும், கையெழுத்து. மாமி அதை வாங்கிச் சாமிப் படத்தின் கீழே வைத்தார். பிறகு நான் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணவர் வேலைக்குப் போகுமுன் பார்த்தார். பதில் இல்லை. எப்படி இணைப்பது என்று எனக்கு இன்னொருமுறை காட்டிவிட்டுப் போனார். மத்தியானம் நானே வயரை மாற்றிச் செருகினேன். பதில் வந்திருந்தது. நாலைந்து வரிகள்தான்.

உங்கள் கோரிக்கை விதிக்குள் இருக்கிறது, தர நான் ஆயத்தம் என்று தொடங்கியது. அடுத்த வரியில், ஆனால் என்று இருந்தது. உங்கள் பெயரில் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, துணைவேந்தருக்கும் பிரதி போயிருக்கிறது, அதில் ஒரு மாதம் கேட்கப்பட்டிருக்கிறது. ஒரு மாதம் என்பதால் அதைப் பரீட்சைச் சபைக்கு அனுப்பப்போகிறார்கள். அங்கே போனபின் நான் முடிவெடுக்க முடியாது. இன்று நாலு மணிக்கு முன் நீங்கள் எழுத்தில் அதைத் திரும்பப் பெற்றால் விஷயம் என்னிடமே இருக்கும். இரண்டில் உங்களுடைய கோரிக்கை எது?

கட்டில் பக்கத்தில் கணவர் வாசித்துக் காட்டியது இதுதான். அவர் என் பெயரில் மனு எழுதி, எனக்காகத் தானே கையெழுத்திட்டு, செவ்வாய்க்கிழமையே தபாலில் போட்டிருந்தார். நான் தலையாட்டியதால் எனக்குத் தெரியும் என்றே நினைத்து, வியாழக்கிழமையும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரிய கதவைத் தட்டினால் சின்னக் கதவுகள் தானாகத் திறக்கும் என்பது எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோர்களில் அவர் கற்ற பாடம். இங்கே பெரிய கதவுக்குப் பின்னால் இலையுதிர் காலம்தான் இருந்தது.

பெட்ரோல் நிலையத்துக்குப் போன் எடுத்தால் கணவரோடு சண்டை பிடிக்கலாம், நேரம்தான் போகும். பதிலை மனதில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது திரை உறைந்து கிடந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. வயரைக் கழற்றித் தொலைபேசியில் செருகினால்தான் லைன் இருக்கிறதா என்று பார்க்கலாம். செருகிய உடனே அது அடித்தது. மாமி எடுத்தார்.

பக்கத்துப் பகுதியான சட்டனில் இருக்கும் அவருடைய தங்கை. நாள்தோறும் பேசுகிறவர். அம்மாள் எப்படி, டொக்டர் என்ன சொன்னார் என்று அவருக்கு முழு விவரமும் தெரிய வேண்டியிருந்தது. மாமிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. டொக்டர் சப்பாத்தைக் கழற்றியதிலிருந்து தொடங்கினார். எங்கள் ஆட்களிடையே தொலைபேசியை முதலில் வைப்பது மரியாதைக் குறைவு. சரி, வேறென்ன என்று ஒருவர் கேட்பார். மற்றவர் ஒன்றுமில்லை என்பார். அதிலிருந்து புதிதாக ஒன்று தொடங்கும். நான் கையால் சைகை காட்டினேன். மாமி தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். தேத்தண்ணி குடித்த கட்டத்துக்கு வந்திருந்தார்.

"மாமி, நாலு மணிக்குள்ளை நான் ஒரு பதில் அனுப்பாட்டி இந்தப் படிப்பு போச்சு. அந்த வேலையும் போச்சு. லைன் வேணும்."

மாமி என் முகத்தைப் பார்த்தார். கொப்பளத்துக்கு மேல் கலமைன் பூசி வெள்ளையாக இருந்திருக்கும். பிறகு வாயை ரிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"வையடி. இஞ்சை பெரிய அலுவல் நடக்குது," என்றார். வைத்துவிட்டார்.

என் கணவர் பிறகு இதை நம்பவேயில்லை. அம்மா முதலில் போனை வைத்ததை அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை.

இந்த முறை இணைப்பு அறாமல் நின்றது. நான் எழுதினேன்: 'மின்னஞ்சலில் கேட்டதுதான் என் கோரிக்கை. துறைத் தலைவருக்குப் போன கடிதம் நான் காய்ச்சலில் இருந்தபோது என் கணவர் எனக்காக அனுப்பியது. அதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.' கணவரைக் குறை சொல்ல ஒரு வரியும் சேர்க்கவில்லை. அது விரிவுரையாளர் முடிவெடுக்கத் தேவையான தகவல் அல்ல.

அனுப்பிவிட்டு மீண்டும் மீண்டும் பார்த்தேன். மாமி பின்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திரையில் இருந்த ஆங்கிலம் அவருக்கு விளங்காது. ஆனால் புதிதாக ஒரு வரி வந்ததை என்னைவிட முதலில் கண்டது அவர்தான்.

"பிள்ளை, ஒண்டு வந்திட்டுது."

திறந்தேன். கடிதம் திரும்பப் பெறப்பட்டதாகக் குறித்துக்கொண்டேன், அலுவலகத்துக்கும் அறிவித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணி வரை அவகாசம் தரப்படுகிறது. இதை அச்சிட்டு முகப்புத் தாளோடு இணையுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: இந்தத் தவணையில் எனக்கு வந்த கோரிக்கைகளில், கையேட்டை வாசித்துவிட்டு எழுதப்பட்டது இது ஒன்றுதான்.

நான் மாமிக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து போய், தங்கைக்குப் போன் எடுக்க வயரைத் தரச் சொன்னார்.

கட்டுரையை அந்தக் கிழமை முடித்தேன். கொப்பளங்கள் காய்ந்து பொருக்கு வைத்தபின், சொன்ன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயில் ஏறினேன். எதிரில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனார்கள், வசதியாக இருந்தது. அலுவலகத்தில் அதே செயலாளர் பெண் கட்டுரையை வாங்கிப் பார்த்தார். கெடு போன கிழமையே முடிந்துவிட்டது என்றார். விரிவுரையாளரின் கையெழுத்திட்ட துண்டு இருந்தால்தான் அவகாசம் என்று கணக்கெடுப்போம் என்றும் சொன்னார். நான் அச்சிட்ட மின்னஞ்சலைக் கொடுத்தேன். ஓரத்தில் துளை துளையாக இருக்கும் அந்தக் காலத்துத் தாள். இதில் கையெழுத்து இல்லையே என்றார்.

கையேட்டைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். எழுத்தில் என்று இருக்கிறது, கையெழுத்து என்று எங்கும் இல்லை என்றேன். விரிவுரையாளர் உங்களுக்கும் அறிவித்ததாக எழுதியிருக்கிறார் என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தன் கம்பியூட்டரைப் பார்த்தார். திரும்பி வந்தபோது கையில் முத்திரை இருந்தது. முகப்புத் தாளில் குத்தினார். 'உரிய நேரத்தில் கிடைத்தது' என்றது முத்திரை. டொக்டரின் கடிதத்தையும் வாங்கி இணைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இன்னும் கடிக்கிறதா என்று கேட்டார்.

"இப்ப இல்லை," என்றேன். உண்மையாகவே இல்லை.

கோடையில் முடிவு வந்தது. ஒரு புள்ளியும் குறைக்கப்படவில்லை. கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு மேசை தந்து, கீழிருந்து வெட்ட வேண்டிய ஒரு அறிக்கையையும் தந்தார்கள். மாமி வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு நேர்ந்திருந்த பொங்கலை வைத்தார். அங்கே வந்த எல்லோரிடமும் டொக்டரின் சப்பாத்துக் கதையைச் சொன்னார். என் டிப்ளோமா அந்தக் கதையின் கடைசியில் வந்தது.

அடுத்த வருடம் ஒரு அலுவலாகத் துறைக்குப் போனபோது மேசையில் புதிய கையேடு அடுக்கிக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அவகாசம் கேட்கும் விதியில் ஒரு திருத்தம் இருந்தது. எழுத்தில் என்ற சொல்லுக்குப் பின்னால் கமா போட்டு, மின்னஞ்சல் உட்பட என்று சேர்த்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பக்கங்களை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். லண்டனில் என்னால் அச்சேறிய முதல் வரி அது.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன். குளியலறைச் சுவரில் ஈரம் கசிவதைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு பக்கம் ஓடியிருந்தது. கையேட்டை வாசித்தார். எழுதியதைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, வாடகை ஒப்பந்தத்தை எங்கே வைத்தோம் என்று என்னிடம் கேட்டார்.